வயிற்றில் குட்டி இல்லை, தண்ணீர்தான்

கிடாவுக்கு விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதன்பிறகு அந்தப் பெட்டை ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. வயிறு இருபக்கமும் பெருத்திருந்தது, மடியும் லேசாக இறங்கியிருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் வால் நனைந்து, கொட்டகைத் தரை சொதசொதவென்று கிடந்தது. குட்டியும் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை. “நாய் தூக்கிட்டுப் போயிருக்குமோ டாக்டர்?” என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நாய் மேல் பழிபோட வேண்டியதில்லை. அது பொய்ச்சினை. ஆங்கிலம் பேசும் ஆட்டுக்காரர்கள் இந்தக் கொட்டலை ‘மேகவெடிப்பு’ என்பார்கள். பொருத்தமான பெயர்தான்.

சினைமுட்டை வெளியான இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு உருவாகி, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். சினை பிடிக்காவிட்டால் அது கரைந்து, சுமார் 21 நாளில் ஆடு மறுபடி பருவத்துக்கு வரவேண்டும். சில ஆடுகளில் அது கரைவதில்லை. சினை இருப்பதாகவே உடம்பு நடந்துகொள்ளும். கருப்பை வாய் மூடியிருக்க, உள்ளே நீர் சேரும். கிடாவிடம் போகாத ஆட்டுக்கும் இது வரலாம்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தத்தில் புரோஜெஸ்டிரோனைப் பார்த்தும் பயனில்லை. நிஜச் சினையிலும் அது கூடுதலாகவே இருக்கும். ஸ்கேன்தான் வழி. அதே பெட்டை அடுத்த ஆண்டும் பருவத்துக்கு வராமல் நின்றபோது, கிடாவுக்கு விட்ட 60-ஆம் நாளில் ஸ்கேன் செய்தேன். திரை முழுக்கக் கறுப்பு. கறுப்பு என்றால் நீர். அது நிஜச் சினையிலும் தெரியும். ஆனால் அந்த நாளில் துடிக்கும் குட்டியும், நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் வளையம் வளையமான முடிச்சுகளும் தெரிய வேண்டும். இங்கே மெல்லிய வெள்ளைத் தடுப்புகள்தான் இருந்தன. வயிற்றைக் கையால் தட்டியதும் அவை திரைச்சீலைபோல அலைந்தன. 40 நாளுக்கு முன் பார்த்தால் இளஞ்சினையையும் இதையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் சில வாரம் பொறுத்து மறுபடி பார்ப்பதே நல்லது.

அவசரம் ஏன் கூடாது என்றால், மருந்து அப்படிப்பட்டது. புரோஸ்டாகிளாண்டின் ஊசி மஞ்சள் திட்டைக் கரைக்கும். வெள்ளாட்டில் சினை கடைசிவரை அந்தத் திட்டை நம்பியே நிற்பதால், நிஜச் சினைக்குத் தவறிப் போட்டால் குட்டி கலைந்துவிடும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவும் உள்ளே போகும். அந்த அம்மாவின் மருமகள் கர்ப்பமாக இருந்ததால், ஆட்டைப் பிடிக்க அவரை விடவில்லை.

ஊசி போட்ட இரண்டாம் நாள் வாளி சாய்ந்ததுபோல நீர் கொட்டியது. மிச்சம் தங்காமலிருக்க 12 நாள் கழித்து இன்னொரு ஊசி போட்டேன். திரும்ப ஸ்கேன் செய்தபோது கருப்பை சுருங்கிக் காலியாக இருந்தது. அடுத்த பருவத்தில் கிடாவுக்கு விட்டார்கள். ஒருமுறை வந்த ஆட்டுக்கு மறுபடி வரும் வாய்ப்பு இருப்பதால், இம்முறை 45-ஆம் நாளே ஓட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.