ஒரே செய்தி, மூன்று மடல்கள்

சுங்கை பட்டாணியில் நெளியட்டைப் பெட்டி செய்யும் சிறிய ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 14ஆம் நாள் அனுப்புவதாகச் சொன்ன 8,000 பெட்டிகள், தாள் உருளைகள் வந்துசேராமையால், 18ஆம் நாள்தான் தயாராகும். பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்த இளம்பெண் அதன் அலுவலகத்தில் பணிபுரிகிறாள். இத்தாமதத்தை ஜெர்மானிய வாடிக்கையாளர், ஜப்பானிய வாடிக்கையாளர், அலோர் ஸ்டார் அரசு அலுவலகம் ஆகிய மூவருக்கும் அவளே தெரிவிக்க வேண்டும். இது கற்பனை எடுத்துக்காட்டு. ஆயினும் 1996இல் தொடங்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஜெர்மனியின் இன்ஃபினியனும் ஜப்பானின் ஃபுஜி எலக்ட்ரிக்கும் இயங்கும் கெடாவில், இத்தகைய மடல் எழுதும் வேலை நம் மாணவர்க்கு எளிதில் வாய்க்கக் கூடியது.

அவள் முதலில் எழுதக்கூடிய வரைவு நமக்குத் தெரிந்ததே. நலம் விசாரிப்பு, நன்றி, வருத்தம், காரணம் என்று வளர்ந்து, இறுதிப் பத்தியில் "விரைவில் அனுப்ப முயல்கிறோம்" என்று முடியும். தோட்டத்தில் கிராணியைக் கொண்டு துரைக்கு விண்ணப்பம் எழுதுவித்த தலைமுறையின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. கேட்கவேண்டியது கடைசியில்தான் வரும்.

இவ்வரைவு ஜெர்மானியரிடம் சென்றால், பெரும்பாலும் ஒற்றைக் கேள்வி திரும்பும்: "எந்த நாள்?" அதைச் சினம் என்று அவள் கருதிவிடக் கூடும். அவருக்கோ திட்டமிட ஒரு தேதி வேண்டும். "முயல்கிறோம்" என்பதில் அது இல்லை. அவருக்கான மடல் இவ்வாறு இருக்கலாம்: "8,000 பெட்டிகள் 14ஆம் நாள் வாரா; 18ஆம் நாள் காலை 10 மணிக்கு வந்துசேரும். தாள் உருளைகள் தாமதமானதே காரணம். கையிருப்பிலுள்ள 3,000 பெட்டிகளை 14ஆம் நாளே அனுப்ப இயலும். வேண்டுமா என நாளை நண்பகலுக்குள் தெரிவிக்கவும்."

செய்தி இவ்வளவு வெளிப்படையாக இருப்பதால் விளியும் அவ்வாறே இருக்கலாம் என்று எண்ணுதல் தவறு. முனைவர் பட்டம் பெற்றவராயின் பட்டத்தையும் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதுவதே முதல் மடலில் பாதுகாப்பானது. நேரடித்தன்மை வேறு, மரியாதை வடிவம் வேறு. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலாகக் கொள்வதே நம் மாணவர் பெரிதும் செய்யும் பிழை என்பது நம் கருத்து. அமெரிக்கர் பலர் இதற்கு மறுதலையாக, முதல் மடலிலேயே பெயர் சொல்லி அழைப்பர். ஆனால் குறையைச் சொல்லுமுன் ஒரு பாராட்டை வைப்பர்.

ஜப்பானியருக்கு எழுதும்போது, வழக்கமான ஆதரவுக்கான நன்றியும் தெளிவான மன்னிப்பும் முதலில் வரும். குடும்பப் பெயருடன் "சான்" சேர்ப்பது இயல்பு. தேதியைச் சொல்லியபின் மடல் முடிந்துவிடாது. உருளைகள் ஏன் வரவில்லை, எப்போது அது தெரியவந்தது, மீண்டும் நிகழாதிருக்க என்ன செய்யப்பட்டது என்பவற்றையும் அவர் எதிர்பார்ப்பார். "இனி இரு வாரத்திற்கான உருளைகளை இருப்பில் வைப்போம்" என்ற ஒரு வரி, மூன்று மன்னிப்புகளைவிடப் பயன்தரும். 3,000 பெட்டிகளை முன்னதாக அனுப்பலாமா என்ற கேள்விக்கு "ஆராய்கிறோம்" என்று விடை வந்தால், அது பலவேளை மறுப்பாகவும் இருக்கலாம். மறுநாள் வேறொரு வழியை முன்வைத்து எழுதுவதே தக்கது.

அலோர் ஸ்டார் அலுவலகத்திற்கான மலாய் மடலோ வடிவத்தால் நிற்பது. கோப்பு எண், "துவான்" அல்லது "புவான்" என்னும் விளி, தடித்த எழுத்தில் பொருள், அதனைச் சுட்டும் முதல் பத்தி, இரண்டாம் பத்தி முதல் எண்ணிடல், முடிவில் "செகியான், தெரிமா காசே" என்பது வழக்கு. பெறுபவர் "டத்தோ" எனில் அப்பட்டத்தை விடுவது, தாமதத்தைவிடப் பெரிய குறையாகத் தோன்றக் கூடும். தேதி இரண்டாம் பத்தியில் தெளிவாக நிற்கலாம். கோரிக்கையை மட்டும் "தங்கள் பரிசீலனைக்கு" என்று பணிவாக வைக்க வேண்டும். கோப்பு எண் விடுபட்டால் கடுஞ்சொல் எதுவும் வராது. மடல் உரிய கோப்பைச் சேராமல் கிடக்கும். தொலைபேசியில் கேட்டபின்பே அது தெரியவரும்.

இவை போக்குகளே. பினாங்கிலும் கூலிமிலும் பல்லாண்டு வாழ்ந்த ஜெர்மானியர், நம்மைப் போலவே சுற்றிவளைத்து எழுதுவதும் உண்டு. ஆகவே நாட்டைவிட, அந்த மனிதர் கடைசியாக எழுதிய இரண்டு மடல்களைப் பார்ப்பதே மேல். அவருடைய செய்தி முதல் வரியில் உள்ளதா, மூன்றாம் பத்தியிலா? நம்மை எப்பெயரால் விளித்தார்? கையொப்பத்தில் பட்டம் உண்டா? அவர் பெயர் மட்டும் எழுதத் தொடங்கியபின் நாமும் அவ்வாறு எழுதலாம், முந்திக்கொள்ள வேண்டியதில்லை.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. "a/l", "a/p" என்று அடையாள அட்டை வழியில் முழுப்பெயர் இட்டால், ஜெர்மானியரும் ஜப்பானியரும் இறுதியில் நிற்கும் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு, நம் பெண்ணைத் "திரு." என்றே விளிக்க நேரும். மலாய் நண்பர்க்கு எழுதும் நம்மவரும் "பின்" என்பதற்குப் பின்வரும் தந்தை பெயரால் அவரை அழைத்துவிடுகின்றனர். தன் பெயரின்கீழ் "குமாரி" என்பதுடன் அழைக்கும் பெயரை மட்டும் தனிவரியில் இட்டாள் எனில், அடுத்த மடலில் விளி சரியாக வரும்.