ஒருமுறை தொட்டால் இரண்டு விழும் திரை
(கைக்குள் ஒரு கருவி: 7)

"ஒரு தடவ தொட்டா ரெண்டு விழுது தம்பி. டிஸ்ப்ளே போச்சுன்னு சொல்றாங்க" என்று கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அக்கா போனை நீட்டினார். 4ஐத் தொட்டால் 44 விழுந்தது. பெயர்ப்பட்டியலைத் தள்ளினால், நடுவில் இருந்த யாருக்கோ அழைப்புப் போனது. டிஸ்ப்ளே மாற்றினால் பல நாள் சம்பளம் போய்விடும். மாற்றுவதற்கு முன் பழுது எங்கே என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆண்ட்ராய்ட் போனிலேயே அதற்கு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் `Build number` என்பதை ஏழு தடவை தொட்டால் `Developer options` திறக்கும். அதில் `Pointer location` என்பதை இயக்கினால் விரல் போகும் வழியில் கோடு விழும். திரையின் உச்சியில் `P: 1 / 1` என்பது போல எண்கள் தெரியும். முதல் எண், இப்போது திரையில் உள்ள விரல்கள். அடுத்தது, அந்தத் தொடுகையில் ஒரே நேரத்தில் பதிந்த அதிகபட்ச விரல்கள்.

சார்ஜரில் மாட்டியபடியே ஒரு விரலால் மெதுவாக இழுக்கச் சொன்னேன். கோடு அறுந்து அறுந்து வந்தது, மேலே `P: 1 / 2`. வயரைக் கழற்றிவிட்டு இழுத்தபோது கோடு அறவில்லை, எண்ணும் `P: 1 / 1`. டிஸ்ப்ளேயில் குறையில்லை, கோளாறு சார்ஜரில்.

கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மின்தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கினால் அவற்றுக்கிடையேயான மின்புலத்தில் சிறு பங்கு நம் உடலுக்குள் இறங்கும். அந்தக் குறைவைத்தான் போனில் உள்ள சிப் ஓயாமல் அளக்கிறது. இரைச்சலைச் சரியாக வடிகட்டாத மலிவு சார்ஜரில் மாட்டினால், போனின் மின்னழுத்தம் முழுவதுமே நிலத்தோடு ஒப்பிடுகையில் ஏறி இறங்கித் துடிக்கும். நம் உடல் அப்படித் துடிப்பதில்லை. அதனால் விரல் பட்ட இடத்தில் மட்டும் இரைச்சல் தடத்துக்குள் புகுகிறது. அளவு ஒரு கணம் சரிந்தால், விரலை எடுத்து மறுபடி வைத்ததாகச் சிப் கணக்கிடும். 44 விழுந்தது இப்படித்தான். தள்ளும்போது கோடு அறுந்தால், ஒரு துண்டு வெறும் தொடுகையாகிவிடும், அழைப்புப் போகும். எதிர்மாறாகவும் நடக்கும். ஆண்ட்ராய்டில் பொதுவாக சுமார் 1.3 மில்லிமீட்டர் நகர்ந்தாலே தொடுகை தள்ளலாகிவிடும். இரைச்சலில் இடம் அவ்வளவு தாவினால் பொத்தான் வேலை செய்யாது. இரைச்சலை ஒதுக்கச் சிப் தன் எல்லையை உயர்த்தினால், லேசாக வைத்த இரண்டாவது விரல் கணக்கிலேயே வராது.

மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழையில் இங்கே கையும் போனும் காய்வதே அபூர்வம். நீர்த்துளியும் மின்புலத்தைக் குலைக்கும் என்பதால், சார்ஜர் இல்லாமலே கோடு அறும். திரையையும் விரலையும் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே சோதிக்க வேண்டும். உலர்ந்த விரலில், சார்ஜர் இல்லாமல், எப்போதும் அதே பட்டையில் கோடு அறுந்தால்தான் டிஸ்ப்ளேயைச் சந்தேகிக்கலாம்.

கோடு அறாமல், `P: 1 / 1` என்று காட்டியும் ஒரு செயலியில் மட்டும் இரண்டு விழுந்தால், பிழை அந்தச் செயலியை எழுதியவருடையது. இணையப் பக்கங்களில் இது அடிக்கடி நடக்கும். விரலை எடுத்ததும் பிரவுசர் முதலில் `touchend` என்றும், பிறகு மவுஸுக்கு எழுதிய பழைய பக்கங்களுக்காக `click` என்றும் அறிவிக்கிறது. இரண்டுக்கும் ஒரே வேலையைக் கட்டிவைத்தால் அது இரண்டு தடவை நடக்கும். `click` ஒன்றை மட்டும் கேட்கும்படி அவர்தான் திருத்த வேண்டும். எந்த டிஸ்ப்ளேயை மாற்றினாலும் அது தீராது.