வரிசையை மாற்றினால் விடையும் மாறும்

1837ஆம் ஆண்டு ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிக்லே ஒரு புகழ்பெற்ற கட்டுரையை பெர்லின் அறிவியல் அகாடமியில் அளித்தார். பகா எண்கள் கூட்டுத் தொடர்களில் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதுதான் அதன் பொருள். ஆனால் அதன் நடுவில், போகிற போக்கில் சொன்னதுபோல், இரண்டு எடுத்துக்காட்டுகளை அவர் வைத்திருக்கிறார். முடிவில்லாத கூட்டல்களில் உறுப்புகளை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் எடுத்துக்காட்டுகள் அவை. இரண்டுமே ஒரே குடும்பத்துத் தொடர்கள்.

அந்தக் குடும்பம் இதுதான்:

1 − 1/2^s + 1/3^s − 1/4^s + 1/5^s − …

ஒவ்வோர் எண்ணையும் s என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதன் தலைகீழியை எடுத்து, கூட்டல் கழித்தல் குறிகளை மாறி மாறிப் போட்டால் இந்தத் தொடர் கிடைக்கும். s = 1 என்றால் 1 − 1/2 + 1/3 − 1/4 … என்று போகும். s = 2 என்றால் கீழே வர்க்கங்கள்; s = 1/2 என்றால் வர்க்கமூலங்கள். எழுதும்போது எல்லாம் ஒரே சாயலில்தான் தெரிகின்றன. ஆனால் s எவ்வளவு என்பதைப் பொறுத்து தொடரின் குணமே மாறிவிடுகிறது.

கணிதவியலாளர்கள் இதில் மூன்று பகுதிகளைப் பார்க்கிறார்கள். s சுழியமோ அதைவிடக் குறைவோ என்றால் தொடருக்குக் கூடுதலே இல்லை. s = 0 வைத்தால் 1 − 1 + 1 − 1 என்று, 1க்கும் 0க்கும் நடுவே காலமெல்லாம் அலைந்துகொண்டே இருக்கும். s = −1 என்றால் 1 − 2 + 3 − 4 என்று உறுப்புகள் பெருத்துக்கொண்டே போகும். கூட்ட வேண்டிய உறுப்பு சுழியத்தை நோக்கிச் சுருங்காதவரை எந்த முடிவில்லாத கூட்டலும் ஓரிடத்தில் நிலைகொள்ளாது. இந்தப் பகுதியைப் பற்றி அதற்குமேல் சொல்ல அதிகமில்லை. விஷயம் இருப்பது 0க்கு மேலே.

s = 1/2 வைத்துக் கையாலேயே கூட்டிப் பார்க்கலாம். முதல் உறுப்பு 1. அதிலிருந்து 1/√2, அதாவது 0.7071, போனால் 0.2929. பிறகு 1/√3 சேர்ந்தால் 0.8702. 1/2 கழிந்தால் 0.3702. அடுத்தடுத்த கூடுதல்கள் 0.8175, 0.4092, 0.7872, 0.4336, 0.7670, 0.4507. ஊஞ்சல் மெல்ல அடங்குவதுபோல மேலும் கீழுமாக வந்து போகின்றன. உச்சிகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்கின்றன, பள்ளங்கள் கொஞ்சம் உயர்கின்றன. எந்த உச்சியும் எந்தப் பள்ளத்துக்கும் கீழே இறங்குவதில்லை. உச்சிக்கும் அடுத்த பள்ளத்துக்கும் உள்ள இடைவெளி அந்தப் படியில் கழிக்கப்பட்ட உறுப்பின் அளவுதான். அது சுழியத்தை நோக்கிப் போவதால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தாக வேண்டும். அந்த எண் 0.6049 அளவில் இருக்கிறது.

லைப்னிட்ஸ் பெயரால் வழங்கும் சோதனை இவ்வளவுதான். குறிகள் மாறி மாறி வர வேண்டும். உறுப்பின் அளவு விடாமல் குறைந்து சுழியத்தை அணுக வேண்டும். எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்று அது கேட்பதே இல்லை. அதனால் s சுழியத்தைவிட ஒரு துளி பெரிதாக இருந்தாலும் தொடர் ஒருங்கிவிடும். s = 0.01 என்று வைத்தால் உறுப்பு பாதியாகக் குறைவதற்கே 2^100ஆவது இடம்வரை போக வேண்டும். அது 31 இலக்க எண். ஆனாலும் அந்தத் தொடருக்கு ஒரு திட்டவட்டமான கூடுதல் உண்டு.

உண்டு என்பது வேறு, கூட்டிக் கண்டுபிடிப்பது வேறு. இந்தத் தொடர்களை எந்த இடத்தில் நிறுத்தினாலும் எஞ்சும் பிழை, அடுத்து வரவேண்டிய உறுப்பில் ஏறக்குறைய பாதி. பிழை 0.0005க்குள் அடங்க வேண்டுமானால் s = 2க்கு 32 உறுப்புகள் போதும். s = 1க்கு 1,000 உறுப்புகள் வேண்டும். s = 1/2க்கோ பத்து லட்சம். ஆனால் பிழை பாதி என்ற அதே உண்மை ஒரு குறுக்குவழியையும் காட்டுகிறது: விடை உச்சிக்கும் பள்ளத்துக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கிறது. மேலே கண்ட கூடுதல்களில் எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் சராசரி 0.6003, ஒன்பதாவதற்கும் பத்தாவதற்கும் சராசரி 0.6088. இந்த இரண்டுக்கும் மறுபடி சராசரி எடுத்தால் 0.6046. பத்தே உறுப்புகளில், பத்து லட்சம் உறுப்புகளை நேராகக் கூட்டுவதைவிடத் துல்லியமான விடை கிடைத்துவிடுகிறது.

இப்போது குறிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கூட்டல் ஆக்கினால் என்ன ஆகும்? இதற்கு உறுப்புகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பது பழைய வழி. 2, 3 ஒரு கூட்டம்; 4 முதல் 7 வரை அடுத்தது; 8 முதல் 15 வரை அதற்கடுத்தது. s = 1 என்றால், 1/4 + 1/5 + 1/6 + 1/7 என்ற நான்கு உறுப்புகளும் 1/8ஐவிடப் பெரியவை; ஆகவே அவற்றின் கூடுதல் 1/2ஐவிட அதிகம். எல்லாக் கூட்டங்களுக்கும் இதே கணக்குத்தான். கூட்டங்களுக்கு முடிவில்லை என்பதால் மொத்தமும் எல்லையில்லாமல் வளரும். 14ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஓரெம் இதைக் காட்டிவிட்டார். வளர்ச்சி மிக மந்தம். பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.39தான் வரும். s ஒன்றைவிடச் சிறிது என்றால் உறுப்புகள் இன்னும் பெரியவை, அங்கும் எல்லையில்லை.

s ஒன்றைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். s = 2 என்றால் இரண்டாவது கூட்டத்தின் நான்கு உறுப்புகளில் எதுவும் 1/16ஐவிடப் பெரிதல்ல; கூடுதல் 1/4க்குள் அடங்கும். முதல் கூட்டம் 1/2க்குள், மூன்றாவது 1/8க்குள் என்று பாதி பாதியாகக் குறைவதால், முன்னால் நிற்கும் 1ஐயும் சேர்த்து மொத்தம் 2ஐத் தாண்டாது. s = 1.01 என்றாலும் கூட்டத்துக்குக் கூட்டம் வரம்பு சற்றே சுருங்குகிறது. அந்தச் சிறு சுருக்கமே போதும். எல்லாம் கூட்டலாக எடுத்த மொத்தம் அப்போது 100.58 அளவில் நின்றுவிடும்.

ஆக s ஒன்றைவிடப் பெரிது என்றால் தொடர் குறிகளின் தயவு இல்லாமலே ஒருங்குகிறது. இதை முழுமையாக ஒருங்குதல் என்கிறார்கள். s சுழியத்துக்கு மேலே, 1 வரை (1 உட்பட) இருந்தால், கழித்தல்கள் கூட்டல்களை உடனுக்குடன் ஈடுகட்டுவதால் மட்டுமே ஒருங்குகிறது. இது நிபந்தனையோடு ஒருங்குதல். அந்த நிபந்தனை என்ன என்பதைத்தான் டிரிக்லேயின் எடுத்துக்காட்டுகள் சொல்கின்றன.

அவர் செய்தது ஒரு சின்ன இடமாற்றம். கூட்டல் உறுப்புகள் இரண்டை எடு, பிறகு கழித்தல் உறுப்பு ஒன்றை எடு, இப்படியே போ. s = 1க்கு அது 1 + 1/3 − 1/2 + 1/5 + 1/7 − 1/4 … என்று வரும். பழைய தொடரில் உள்ள உறுப்புகள் அத்தனையும் இதிலும் உள்ளன. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் விடுபடவில்லை. மும்மூன்றாகக் கூட்டினால் 0.8333, 0.9262, 0.9615 என்று ஏறி 1.0397இல் போய் நிற்கிறது. பழைய வரிசையில் கிடைத்ததோ 2இன் இயல் மடக்கையான 0.6931. அதே எண்கள், ஒன்றரை மடங்கு விடை.

s = 1/2இல் இன்னும் மோசம். அங்கே முதல் மூன்று உறுப்புகள் 0.8702, ஆறு சேர்ந்தால் 1.1954, ஒன்பதுக்கு 1.4220, பன்னிரண்டுக்கு 1.6040. நிற்கிற பேச்சே இல்லை. காரணம் எளிது. k ஆவது மூவர் கூட்டத்தில் இரண்டு கூட்டல்களும் சேர்ந்து ஏறக்குறைய 1/√k. கழித்தல் அதில் 0.707 பங்கு மட்டுமே. ஒவ்வொரு கூட்டத்திலும் 0.293/√k மிச்சமாகிறது. அந்த மிச்சங்கள் சேர்ந்து 10,000 கூட்டங்களில் 59ஐத் தாண்டிவிடும், மேலும் எல்லையில்லாமல் போகும். s = 1இல் இந்த மிச்சம் 1/(4k²) அளவுக்குச் சிறுத்துவிடுவதால்தான் அங்கே விடை மாறினாலும் ஒரு விடையாவது இருக்கிறது.

s = 2இல் இந்த இடமாற்றம் எதையும் அசைக்காது. ஒற்றை எண்களின் உறுப்புகளை மட்டும் கூட்டினால் π²/8, அதாவது 1.2337. இரட்டை எண்களுடையவை π²/24, அதாவது 0.4112. இரண்டுக்குமே தனித்தனியே முடிவான மதிப்பு இருப்பதால் எந்த வரிசையில் எடுத்தாலும் வித்தியாசம் 0.8225தான். s = 1இலும் அதற்குக் கீழும் ஒற்றைப் பக்கமும் எல்லையில்லாதது, இரட்டைப் பக்கமும் எல்லையில்லாதது. வரவு செலவு இரண்டுக்கும் அளவில்லை என்றால், எதை எப்போது எடுக்கிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

ரீமான் 1854இல் எழுதிய ஆய்வில் இதை அதன் எல்லைவரை கொண்டுபோனார். நிபந்தனையோடு ஒருங்கும் தொடரிலிருந்து விரும்பிய எந்த விடையையும் வரவழைக்கலாம் என்றார். s = 1 தொடரில் 2 வேண்டுமா? 1 + 1/3 + 1/5 என்று ஒற்றைகளைக் கூட்டிக்கொண்டே போனால் 1/15இல் 2.0218 ஆகி இலக்கைத் தாண்டும். உடனே 1/2ஐக் கழிக்க வேண்டும்: 1.5218. மறுபடி 1/17 முதல் கூட்டினால் 1/41இல் 2.0041. இப்போது 1/4ஐக் கழிக்க வேண்டும். தாண்டினால் கழிப்பது, குறைந்தால் கூட்டுவது. ஒற்றைகள் தீராது என்பதால் ஒவ்வொரு முறையும் 2ஐத் தாண்ட முடியும். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே வருவதால் தாண்டும் அளவும் குறையும் அளவும் சுழியத்துக்குச் சுருங்கும். 2க்குப் பதில் 100 வைத்தாலும், −7 வைத்தாலும் இதே வழிதான்.

வரிசையைக் கலைக்காமல் வைத்திருந்தால் இந்த 0 முதல் 1 வரையிலான பகுதி மிகவும் பயனுள்ளது. எல்லாம் கூட்டலான 1 + 1/2^s + 1/3^s + … என்ற தொடர் s ஒன்றைத் தாண்டினால்தான் பொருள்படும். அதன் கூடுதலே ரீமானின் சீட்டா சார்பு. மாறி மாறி வரும் நம் தொடரை (1 − 2^(1−s)) என்பதால் வகுத்தாலும் அதே சீட்டாதான் கிடைக்கிறது; ஆனால் இந்த வழி s = 1ஐத் தவிர்த்து, சுழியத்துக்கு மேலே எங்கும் வேலை செய்கிறது. s = 1/2இல் 0.6049ஐ (1 − √2) என்பதால் வகுத்தால் −1.4604. s கலப்பெண்ணாக இருந்தாலும் எல்லைகளை அதன் மெய்ப்பகுதி தீர்மானிக்கிறது: மெய்ப்பகுதி 1ஐத் தாண்டினால் முழுமையாகவும், சுழியத்துக்கு மேலே 1 வரை நிபந்தனையோடும் ஒருங்கும் (s = 1 + 0i தவிர மற்ற இடங்களில் வகுத்தல் தடைப்படும் சில தனிப்புள்ளிகளும் மெய்ப்பகுதி 1 என்ற கோட்டில் உண்டு). 1859இல் ரீமான் முன்வைத்த, இன்றுவரை நிறுவப்படாத கருதுகோள் பேசும் சீட்டாவின் சுழியங்கள் அத்தனையும் இந்த நிபந்தனைப் பட்டைக்குள்தான் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, மெய்ப்பகுதி 1/2ம் கற்பனைப் பகுதி ஏறத்தாழ 14.1347ம் கொண்டது.