வாலிகண்டபுரத்துக் கல்லுக்கு இரண்டு எடை

பெரம்பலூரைத் தாண்டி சென்னை நோக்கிப் போகும் சாலையில் இருக்கிறது வாலிகண்டபுரம். இந்தப் பக்கம் பூமி கெட்டியான கருங்கல் பூமி. கிழக்கே அரியலூர் பக்கம் போகப் போக, கடல் கிடந்த காலத்துச் சுண்ணாம்புக் கல் வந்துவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கல் எடுத்துவந்தேன். ஒன்று, வாலிகண்டபுரத்தில் ரோட்டோரம் கிடந்த கருங்கல் சில்லு. இன்னொன்று, அரியலூர் பக்கத்து மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல். இரண்டுமே எந்த வடிவத்துக்கும் அடங்காதவை. ஸ்கேல் வைத்து நீளம் அகலம் அளந்து கன அளவைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

எடையை மட்டும் வைத்தே கன அளவைப் பிடித்துவிடலாம். கிணற்றில் குடத்தை இழுப்பவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் இருக்கும்வரை குடம் லேசாக இருக்கும், மேலே வந்ததும் கனக்கும். முங்கிய பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்கியதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அது மேலே தள்ளப்படுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம். ஆக, தண்ணீருக்குள் கல் இழந்த கிராம் கணக்குதான் அதன் கன சென்டிமீட்டர் கணக்கு.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். இரண்டு ஸ்டூலுக்கு நடுவே குறுகலான பலகை போட்டு, அதன்மேல் தராசை வைத்தேன். தட்டின்மேல் குறுக்காக ஒரு குச்சி. குச்சியின் இரு முனையிலிருந்தும் தையல் நூல் இறங்கி, பலகைக்குக் கீழே ஒன்றாகச் சேர்கிறது. குச்சியும் நூலும் தட்டில் இருக்கும்போதே தராசைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். பிறகு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் உள்ள எடை. அப்படியே கீழே வாளியை நகர்த்தி, கல் முழுக்க முங்குமளவு தண்ணீர் ஊற்றினால் தண்ணீரில் உள்ள எடை.

கருங்கல் காற்றில் 846 கிராம், தண்ணீரில் 536. வித்தியாசம் 310. எனவே கன அளவு 310 கன சென்டிமீட்டர். 846-ஐ 310-ஆல் வகுத்தால் 2.73. அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 2.73 கிராம். கருங்கல்லுக்கு இது நியாயமான எண். நம் ஊர் வெயிலில் 30 டிகிரித் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.996 கிராம்தான் என்பதையும் சேர்த்தால் 2.72 ஆகும். இந்தத் தராசுக்கு அந்தத் திருத்தம் வீண்வேலை.

முதல் தடவை எனக்கு 560 வந்தது. குனிந்து பார்த்தால் கல்லின் ஒரு மூலை வாளியின் பக்கத்தில் உரசிக்கொண்டிருந்தது. அப்படி உரசினால் எண் கூடியும் வரலாம், குறைந்தும் வரலாம். அடியில் தட்டினால் கட்டாயம் குறையும். நூலை மெல்ல அசைத்துவிட்டு, எண் திரும்பவும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. கூழாங்கல் அளவுச் சின்னக் கல்லையும் எடுக்கக் கூடாது. 40 கிராம் கல்லில் வித்தியாசமே 15 கிராம்தான் வரும். அதில் இரண்டு கிராம் பிசகினால் விடை எங்கோ போய்விடும்.

சுண்ணாம்புக் கல்தான் ஆட்டம் காட்டியது. காற்றில் 624. தண்ணீரில் இறக்கியதும் 366. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொடிப்பொடியாய்க் குமிழி கிளம்பியது, பத்து நிமிடத்தில் 371 ஆனது. தராசில் கோளாறு இல்லை. கல்லின் துளைகளில் இருந்த காற்று வெளியேறி, தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்க ஊறவிட்டேன், 384-இல் நின்றது.

இப்போது மூன்றாவது எடை ஒன்று வேண்டும். ஊறிய கல்லை எடுத்து, ஈரத் துணியால் மேலே பளபளக்கும் தண்ணீரை மட்டும் ஒற்றி நிறுத்தேன். 648. அதாவது கல் 24 கிராம் தண்ணீர் குடித்திருக்கிறது. 648-இல் 384 போனால் 264, இது துளைகளையும் சேர்த்த கன அளவு. இதை வைத்து 624-ஐ வகுத்தால் 2.36. துளைகளை விட்டுக் கணக்கிட்டால் 624-இல் 384 போக 240, அப்போது அடர்த்தி 2.60. ஒரே கல்லுக்கு இரண்டு விடை, இரண்டும் சரி. சுவரில் வைத்தால் எவ்வளவு பாரம் என்று கேட்பவருக்கு முதல் எண். கல்லின் சரக்கு என்ன என்று கேட்பவருக்கு இரண்டாவது. சுத்தமான சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டின் அடர்த்தி 2.71. அதைவிட இது குறைவாக இருப்பதால், தண்ணீர் எட்டாத மூடிய துளையோ, கலந்த களிமண்ணோ உள்ளே இருக்கலாம்.

ஜல்லியைச் சோதிக்கும் லேப்களும் இதே மூன்று எடையைத்தான் எடுக்கின்றன. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2386-இன் மூன்றாம் பகுதி, ஜல்லியைக் கம்பிக் கூடையில் போட்டு, தண்ணீருக்குள் 25 மில்லிமீட்டர் தூக்கித் தூக்கி 25 தடவை விடச் சொல்கிறது. ஒட்டியிருக்கும் குமிழியை உதறத்தான் இது. பிறகு 24 மணி நேரம் ஊறல். உலர்ந்த எடையை அது கடைசியில்தான் எடுக்கிறது, அடுப்பில் 100 முதல் 110 டிகிரியில் ஒரு நாள் காயவைத்து. நான் வெயிலில் காயவைத்ததோடு விட்டுவிட்டேன். என்னுடைய 624-இல் பழைய ஈரம் ஒன்றிரண்டு கிராம் மிச்சம் இருந்திருக்கும்.