ஆவணமும் கணினியும் – 7: திரையை எட்டாத பிக்சல்கள்

1904இல் நிறுவப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் முகப்பும், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளின் வரிசையும், 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழின் பழைய பக்கங்களும் ஒரே உரையில் இடம்பெற வேண்டுமெனில், அவ்வுரைக்கான ஸ்லைடு தொகுப்பில் எழுத்தைவிடப் படமே மிகுந்திருக்கும். இத்தகைய கோப்பு நூறு மெகாபைட்டைக் கடப்பதும், நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் இணையத் தளத்தில் பதிவேற்றுகையில் பாதி வழியில் நின்றுவிடுவதும் அடிக்கடி நேர்கின்றன. இந்த எடையின் பெரும்பகுதி, பார்வையாளரின் கண்ணுக்கு ஒருபோதும் எட்டாத எடையாகும்.

படத்தின் மிகச் சிறிய நிறப்புள்ளி பிக்சல் எனப்படும். பன்னிரண்டு மெகாபிக்சல் கைப்பேசி ஒன்று எடுக்கும் படம் 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் உடையது. அப்படத்தை ஸ்லைடில் இட்டு, அதன் மூலையைப் பிடித்துக் கையகலமாகச் சுருக்கினாலும், கோப்புக்குள் அந்த 1 கோடியே 20 இலட்சம் பிக்சல்களும் குறையாமல் இருக்கக்கூடும். ஏனெனில் சுருங்குவது படம் காட்டப்படும் அளவேயன்றிப் படம் அன்று. ஓரங்களை வெட்டி மறைக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. வெட்டப்பட்ட பகுதி கோப்பிலேயே தங்கியிருப்பதால், அதைப் பெறுபவர் வெட்டை நீக்கி மறைந்ததை மீண்டும் காண இயலும்.

எடுத்துக்காட்டாக, மேற்கண்ட உரையில் தலா 4 மெகாபைட் கொண்ட முப்பது கைப்பேசிப் படங்களும், தலா 15 மெகாபைட் கொண்ட நான்கு நாளிதழ் வருடல்களும், அதாவது ஸ்கேன் செய்த படிகளும், இருப்பதாகக் கொள்ளலாம். மொத்தம் 180 மெகாபைட் ஆகும். இணைய வேகம் பைட்டில் அன்றி அதன் எட்டில் ஒரு பங்கான பிட்டில் அளக்கப்படுவதால், 180ஐ எட்டால் பெருக்கக் கிடைக்கும் 1440 மெகாபிட்டையும் அனுப்பியாக வேண்டும். நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே மேலேற்றும் கைப்பேசி இணைப்பில் இதற்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும்.

கோப்பை 'ஜிப்' செய்து சுருக்க முயல்வது பயன் தராது. பவர்பாயிண்டின் .pptx கோப்பே உண்மையில் ஒரு ஜிப் பொதி என்பதோடு, அதற்குள் உள்ள படங்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவையாதலால், மீண்டும் சுருக்க அங்கே இடமில்லை. ஆயினும் இவ்வமைப்பு நோயறிய உதவுகிறது. கோப்பின் ஒரு படியை எடுத்து, அதன் பெயரின் இறுதியை .zip என மாற்றித் திறந்து, ppt/media என்னும் உறைக்குள் உள்ள படங்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தினால், எந்தப் படம் எவ்வளவு கனக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். எடுத்துக்கொண்ட உரையில் நான்கு வருடல்களும் .png என்னும் முடிவோடு அந்த வரிசையின் தலையில் நிற்கும்.

முதலில் கைப்பேசிப் படங்களைக் கவனிக்கலாம். அகலத் திரைக்கான ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம்; அங்குலத்துக்கு 150 பிக்சல் வைத்தால் முழு அகலத்துக்கும் 2000 பிக்சல் வரும். மண்டபங்களில் பயன்படும் முழு எச்டி ஒளிப்படக்காட்டி காட்டக்கூடியது 1920 பிக்சல் அகலமே என்பதால், அதற்கு மேற்பட்டவை அத்திரையை அடைவதேயில்லை. ஸ்லைடில் 6 அங்குல அகலத்தில் நிற்கும் படத்துக்கு 900 பிக்சல் அகலமும் 675 பிக்சல் உயரமும் போதும். இது பழைய எண்ணிக்கையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கோப்பின் மற்றொரு படியைச் சேமித்து மூலத்தைப் பத்திரப்படுத்திய பின், ஒரு படத்தைத் தேர்ந்து, Picture Format பட்டியலில் உள்ள Compress Pictures என்பதைத் திறந்து, Web (150 ppi) என்பதையும் Delete cropped areas of pictures என்பதையும் தெரிவுசெய்தால், முப்பது படங்களும் சேர்ந்து 6 மெகாபைட் அளவுக்கு இறங்கிவிடும். அங்கே Apply only to this picture என்னும் கட்டத்தில் உள்ள குறியை எடுக்க மறந்தால், ஒரு படம் மட்டுமே சுருங்கும். சேமித்த பின்னும் கோப்பின் எடை அசையாமல் இருப்பதே அந்த மறதியின் அடையாளம்.

இந்த ஒரே கட்டளையை நாளிதழ் வருடல்களுக்கும் செலுத்துவதுதான் பெரும் பிழை. அதன் காரணத்தை அறியப் பட வகைகள் இரண்டின் இயல்பை அறிய வேண்டும். பிஎன்ஜி வகை எந்தப் பிக்சலையும் மாற்றாமல் சேமிப்பதால், தாளின் மங்கலையும் கறையையும்கூட அப்படியே சுமந்து பெருகுகிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் வகையோ, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட கணித உருமாற்றம் ஒன்றின் மேல் எழுந்தது. அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் மெல்ல மாறும் நிறத்தைப் பேணி, நுணுக்கமான மாற்றத்தைக் கரடாக்கி இடம் மிச்சப்படுத்துகிறது. வானமும் சுவரும் முகமும் இதைத் தாங்கும். வெண்தாளின் மேல் கருமையாக நிற்கும் எழுத்தின் விளிம்பு எளிதில் தாங்காது, அதைச் சுற்றிப் புகைபோன்ற கறை படியும்.

தமிழில் இதன் விளைவு கடுமையானது. 7000 பிக்சல் உயரமுள்ள நாளிதழ்ப் பக்கம் முழுவதையும் 7.5 அங்குல உயரமுள்ள ஸ்லைடில் நிறுத்தி 150 என்னும் அளவுக்குச் சுருக்கினால், உயரம் 1125 பிக்சல் ஆகிவிடும். மூலத்தில் 6 பிக்சல் உயரமிருந்த மெய்யெழுத்தின் புள்ளி, ஒரே பிக்சலாக ஒடுங்கி, அக்கட்டளை படத்தை ஜேபெக்காக மாற்றினால் அதன் கறையிலும் கரையும். 'சங்கம்' என்பது 'சஙகம' எனத் தோன்றினால் வாசகர் ஊகித்துக்கொள்வார். நன்கொடையாளர் பட்டியலில் உள்ள ஒரு பெயரை அவ்வாறு ஊகிக்க வழியில்லை.

ஆகவே வருடல்களைச் சுருக்குவதற்கு மாறாக, உரைக்குத் தேவையான பத்தியை மட்டும் பட மென்பொருளில் வெட்டியெடுப்பதே முறை. 2000 பிக்சல் அகலமுள்ள அப்பகுதியை உயர்தர ஜேபெக்காகச் சேமித்து, ஸ்லைடில் உள்ள பழைய படத்தின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, Change Picture வழியே மாற்றி, ஸ்லைடின் அகலத்துக்கு இழுத்துவிட்டால், மூலத்தின் பிக்சல்கள் குறையாமல் அவ்வகலத்தை நிரப்பும். எடையோ ஒரு மெகாபைட் அளவில் நிற்கும். பக்கத்தின் முழுத்தோற்றமும் வேண்டுமெனில், அதை முந்திய ஸ்லைடில் சிறிதாகக் காட்டலாம். அங்கே அது தோற்றமாக மட்டுமே பயன்படுவதால் சுருங்குவதில் இழப்பில்லை. Compress Pictures முழுக் கோப்புக்கும் செலுத்தப்படுவதால், முதலில் படங்களைச் சுருக்கிச் சேமித்து, வெட்டிய பத்திகளை இறுதியில் மாற்றி வைக்கும் வரிசையைப் பின்பற்றுவது நலம். அதன் பின் File > Options > Advanced பகுதியில் Do not compress images in file என்பதைக் குறித்துவிட்டுச் சேமித்தால், மாற்றி வைத்த பத்திகள் மீண்டும் சுருங்கா.

இவ்வாறு 180 மெகாபைட் கோப்பு ஏறத்தாழ 10 மெகாபைட்டாகி, அதே மெதுவான இணைப்பிலும் முக்கால் நிமிடத்துக்குள் ஏறிவிடும். அச்சிட வேண்டிய நூலுக்கு இந்தச் சுருக்கிய படி பொருந்தாது என்பதால், அதற்கென மூலக் கோப்பு தனியே இருத்தல் வேண்டும். அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே: ஸ்லைடுகளை முழுத்திரையில் ஓட்டி, நாளிதழ்ப் பத்தியின் மிகச் சிறிய வரியில் ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் புள்ளி நிற்கிறதா எனப் பார்த்துவிட வேண்டும்.