முடக்கிவிட்டார்களா, பெருநாள் முடிந்துவிட்டதா?

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு மாதமிருக்கும். கிழக்கு மாகாணத்தில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். "நானா, என்ட பேஜுக்கு ஆள் வாரது நின்டு போச்சு. ஷேடோபேன் பண்ணிட்டாங்களாம். ஒருத்தர் பதினையாயிரம் கேக்குறார், எடுத்துத் தாரேன்டு" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டீரா என்பதுதான் எனது முதல் கேள்வி. நல்லவேளை, கொடுத்திருக்கவில்லை.

ஷேடோபேன் என்பது கணக்கை மூடாமலும் உரிமையாளருக்கு அறிவிக்காமலும் அவரது பதிவுகளைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்துவிடுவதைக் குறிக்கும் சொல். இன்று முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் பார்வை எந்தக் காரணத்தால் குறைந்தாலும் நம்மவர்கள் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். கடையில் விற்பனை குறைந்தால் முதலில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் வியாபாரி, பேஜில் பார்வை குறைந்தால் மட்டும் செய்வினை பார்க்கப் போகிறவர் போல ஆகிவிடுகிறார்!

சகோதரரிடம் Insights பக்கத்தைத் திறந்து எண்களை வாசிக்கச் சொன்னேன். பெருநாளுக்கு முந்திய 28 நாட்களில் மொத்தப் பார்வை 92,000. பிந்திய 28 நாட்களில் 21,000. இதைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் இந்த மொத்த எண், பல பைகளில் வந்த காசை ஒன்றாக எண்ணியது போன்றது. எந்தப் பை இளைத்தது என்று பிரித்துப் பார்க்கும் வரை அந்த எண்ணால் ஒன்றும் தெரியாது.

முதலாவது பை, காசு கொடுத்து வாங்கிய விளம்பரப் பார்வை. அவர் நோன்பு காலத்தில் தினமும் 'பூஸ்ட்' போட்டிருந்தார். 92,000 இல் 55,000 அதன் மூலம் வந்தது. பெருநாளுக்கு முதல் நாள் விளம்பரத்தை நிறுத்தினார், அதுவும் பூச்சியமாயிற்று. "ஒரு தடவை பூஸ்ட் போட்டால் பிறகு காசு தராமல் காட்டமாட்டார்கள்" என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. வாடகைக்கு எடுத்த லொறியைத் திருப்பிக் கொடுத்தபின் சொந்த லொறியைக் காணவில்லை என்று தேடுவது போன்ற கதை இது. விளம்பரப் பங்கைக் கழித்துவிட்டு மீதியை மீதியோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது பை, பேஜைப் பின்தொடர்பவர்கள் பார்த்தது. அது முன்பு 16,000, பின்பு 14,000. பெருநாள் முடிந்த ஊரில் இது குறைவே அல்ல.

மூன்றாவது பை, பின்தொடராத புதியவர்கள் பார்த்தது. 21,000 இலிருந்து 7,000 ஆக விழுந்திருந்தது. இதுதான் சற்றுச் சந்தேகத்திற்கிடமானது. எனவே பதிவு பதிவாகப் பார்த்தோம். அபாயா மூடைகளைப் பிரித்துக் காட்டிய ஒரு சிறு வீடியோ மட்டும் 13,000 புதியவர்களிடம் போயிருந்தது. அதை ஒதுக்கினால் மீதி 8,000. எட்டாயிரம் ஏழாயிரமாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வீடியோ அதிர்ஷ்டவசமாக ஓடினால் அந்த மாதத்தின் எண் மலையாகிவிடும். மறுமாதம் சமதரைக்கு வந்தால் பள்ளத்தில் விழுந்தது போலத் தோன்றும்.

அவர் இன்னொரு தவறும் செய்திருந்தார். 2025 ஏப்ரலை 2024 ஏப்ரலுடன் ஒப்பிட்டு "போன வருஷத்தில் பாதியும் இல்லை" என்றார். 2024 இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. 2025 இல் மார்ச் இறுதியிலேயே வந்துவிட்டது. முதலாவது ஏப்ரலில் பெருநாள் வியாபாரம் உண்டு, இரண்டாவதில் இல்லை. ஆங்கில மாதம் காட்டும் ஒப்பீடு நம்மவர் கடைகளுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் பிசகும். பெருநாளிலிருந்து முன்னும் பின்னும் எண்ணி, அதே வாரத்தை அதே வாரத்துடன் பார்ப்பதே சரியான கணக்கு.

அப்படியானால் முடக்கம் என்று ஒன்றுமே இல்லையா? உண்டு. அதன் அடையாளம் வேறு. கருஞ்சீரக எண்ணெயும் தேனும் விற்கும் மற்றொருவரது இன்ஸ்டகிராம் கணக்கில் பின்தொடர்பவர் பார்வை பழையபடியே இருந்தது. புதியவர் பார்வை மட்டும் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து ஏறக்குறைய இல்லாமற் போனது. விளம்பரமும் இல்லை, பெரிதாக ஓடிய வீடியோவும் இல்லை. இதுதான் கவனிக்க வேண்டிய வடிவம். பின்தொடர்பவருக்குப் பதிவைக் காட்டுவது ஒரு விடயம், தெரியாதவருக்குப் பரிந்துரைப்பது வேறு விடயம். இரண்டாவதற்குக் கூடுதலான விதிகள் உள்ளன. கணக்கு இந்த விதிகளுக்கு உட்படாவிட்டால், பதிவு அழிக்கப்படாது, பரிந்துரை மட்டும் நிற்கும்.

இதை ஊகிக்கத் தேவையில்லை. இன்ஸ்டகிராமில் தமது பக்கத்தைத் திறந்து, மேலேயுள்ள மூன்று கோடுகளை அழுத்தி, கீழே சென்று Account Status என்பதைப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரிலிருந்து வர்த்தகக் கணக்குகளுக்கு, பதிவுகள் பரிந்துரைக்கத் தகுதியானவையா என்பதை இந்த இடம் காட்டுகிறது. எந்தப் பதிவு காரணம் என்பதையும் அங்கேயே காணலாம். முகநூல் பேஜுக்கு இதையொத்த விபரம் Professional dashboard பகுதியில் உள்ளது. அவருடையதில் சிக்கியிருந்தது, "சீனி வருத்தம் முற்றாகக் குணமாகும்" என்று எழுதிய இரண்டு பதிவுகள். நோய் தீரும், உடல் மெலியும் என்று சொல்லிப் பொருள் விற்கும் பதிவுகளைப் பரிந்துரைப்பதில்லை என்பது அந்நிறுவனத்தின் வெளியிடப்பட்ட விதி. எண்ணெய் விற்பதில் தவறில்லை, வாக்குறுதிதான் சிக்கல். அந்த இரண்டையும் நீக்கிவிட்டு, போத்தலின் அளவு, விலை, எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் எழுதினார். பதிவில் பிழையில்லை என்று நம்புபவர் நீக்காமல் அதே இடத்தில் மறுபரிசீலனை கேட்கலாம்.

கடைவீதியில் சொல்லப்படும் மற்ற வைத்தியங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். ஹேஷ்டேக்கை மாற்றுவது, மூன்று நாள் பதிவிடாமல் 'விரதம்' இருப்பது, வர்த்தகக் கணக்கைத் தனிநபர் கணக்காக மாற்றுவது ஆகியவற்றால் மேலே சொன்ன காரணம் எதுவும் தீராது. தனிநபர் கணக்காக மாற்றினால், மாறாக, Insights எண்களும் கையைவிட்டுப் போகும். கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்குவது எல்லாவற்றிலும் மோசம், பல வருடம் சேர்த்த வாடிக்கையாளரை நாமே விரட்டுவதாகும். நண்பரின் தொலைபேசியில் தேடிப்பார்த்து "வரவில்லையே" என்பதும் சாட்சியாகாது. 2021 ஜூனில் இன்ஸ்டகிராம் தலைவர் அடம் மொசெரி எழுதிய விளக்கத்திலேயே, பெரும்பாலானோர் தமது பக்கத்தில் வருவதில் பாதிக்கும் குறைவாகவே பார்க்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பின்தொடர்பவர் எல்லோரும் பார்ப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு ஆரம்பத்திலேயே பிழை.

"ஷேடோபேன் பரிசோதனை" என்று கடவுச்சொல் கேட்கும் இணையத்தளங்களில் அதைக் கொடுத்தால் கணக்கே திருட்டுப் போகலாம். பணம் வாங்கி முடக்கம் நீக்குபவருக்கும் உள்ளே எந்தக் கதவும் திறக்காது. உங்கள் Account Status இல் நீங்கள் அழுத்தக்கூடிய பொத்தானைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை.

புடவைக் கடைச் சகோதரரின் Account Status இல் எல்லாம் பச்சை அடையாளமாகவே இருந்தது. இப்போது அவர் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி மூன்று எண்களைக் கடைக் கொப்பியில் குறித்து வைக்கிறார்: விளம்பரம் மூலம் வந்தது, பின்தொடர்பவர் பார்த்தது, புதியவர் பார்த்தது. அருகே ஹிஜ்ரி மாதத்தையும் எழுதுகிறார். கேட்கப்பட்ட பதினையாயிரத்தை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்பு விளம்பரத்திற்கு ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். அது முடிந்ததும் எண் விழும் என்பதையும் இம்முறை அவரே சொன்னார்.