காம்பஸ் பாக்ஸில் எது எது?

ஒரு காம்பஸ் பாக்ஸைத் திறந்தால் பெரும்பாலும் 15 செ.மீ. அளவுகோல், அரைவட்டமான பாகைமானி, இரண்டு மூலைமட்டங்கள், ஒரு கவராயம், ஒரு டிவைடர் ஆகியவை இருக்கும். அளவுகோலையும் பாகைமானியையும் சின்னக் குழந்தையும் பார்த்தவுடன் சொல்லிவிடும். தடுமாற்றம் வருவது இரண்டு இடங்களில்தான். கவராயமும் டிவைடரும் இரண்டு கால் உள்ள இரும்புக் கருவிகள். மூலைமட்டங்கள் இரண்டுமே பிளாஸ்டிக் முக்கோணங்கள். பெயர்களை எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் அடுத்த வாரமே மாறிப்போகும். அந்தந்தக் கருவியை வைத்து ஒரு வேலையைச் செய்ய வைத்தால் மாறாது. அதிலும், பெட்டியில் உள்ள ஒரு கருவியைக் கொண்டே இன்னொன்றைச் சோதிக்க வைப்பதுதான் சிறந்த வழி என்பேன்.

முதலில் இரண்டு கால் கருவிகள். டிவைடரின் இரு கால்களும் ஊசி முனைகள். கவராயத்தில் ஒரு கால் ஊசி. மற்றொன்றின் நுனியில் ஒரு வளையமும் திருகும் இருக்கும், பென்சிலைச் செருகி இறுக்குவதற்கு. புதுப் பெட்டியில் பென்சில் தனியாகக் கிடப்பதால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அந்த வளையத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வளையம் இருந்தால் கவராயம்.

இது அடையாளம் மட்டுமே. டிவைடரில் பென்சில் ஏன் இல்லை என்று ஒரு குழந்தை கேட்டால், அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இருக்கிறது. டிவைடர் வரைவதற்கான கருவியே அல்ல. ஒரு நீளத்தை ஓர் இடத்திலிருந்து எடுத்து, மாறாமல் இன்னோர் இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் அதன் வேலை. பென்சில் முனை தேயும்; தேய்ந்தால் எடுத்த நீளம் மாறும். இரும்பு முனை அப்படித் தேயாது.

ஒரு தாளில் ஏதோ ஒரு நீளத்துக்குக் கோடு போட்டு, இரு முனைகளிலும் புள்ளி வையுங்கள். அளவுகோலை நேரடியாக வைத்து அளந்தால், அளவுகோலின் தடிமன் காரணமாக அதன் கோடுகள் தாளுக்குச் சற்று மேலே நிற்கும். தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் ஓர் அளவு, அந்தப் பக்கம் சாய்த்தால் இன்னோர் அளவு. ஒரு மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். இப்போது டிவைடரின் ஒரு முனையை இடப்பக்கப் புள்ளியிலும் மற்றதை வலப்பக்கப் புள்ளியிலும் வைத்து விரியுங்கள். விரித்த கால்களைத் தொடாமல், தலைப்பகுதியைப் பிடித்துத் தூக்கி அளவுகோலின் மேல் வையுங்கள். ஊசி முனை அளவுகோலின் கோட்டையே தொடுவதால் கண் சாய்வதற்கு அவ்வளவாக இடமில்லை. ஒரு முனையைப் பூஜ்யத்தில் வைப்பதைவிட 1 செ.மீ. கோட்டில் வைத்து, வந்த அளவில் ஒன்றைக் கழிப்பது நல்லது. பூஜ்யத்தின் பக்கம் பல அளவுகோல்களில் தேய்ந்தோ உடைந்தோ இருக்கும்.

கடல் வரைபடம் பார்ப்பவர்கள் இதே வேலையைத்தான் பெரிய டிவைடரால் செய்கிறார்கள். இரு இடங்களுக்கு நடுவே டிவைடரை விரித்து, அதை வரைபடத்தின் ஓரத்திலுள்ள அட்சரேகை அளவில் கொண்டுபோய் வைப்பார்கள். அட்சரேகையில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். பென்சில் கோடு ஏதும் விழாமலே தூரம் தெரிந்துவிடும்.

எடுத்த நீளம் வழியில் மாறிவிட்டால் டிவைடரால் பயனில்லை. தலையில் உள்ள திருகு தளர்ந்திருந்தால் அப்படி ஆகும். 5 செ.மீ.க்கு விரித்து, மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 5 இல்லையென்றால் திருகை இறுக்க வேண்டும். கவராயத்திலும் இதே குறைதான் வட்டத்தின் தொடக்கமும் முடிவும் ஒன்று சேராமல் போவதற்குக் காரணம். குழந்தையின் கையைக் குறை சொல்லும் முன் திருகைப் பாருங்கள்.

அடுத்து மூலைமட்டங்கள். ‘ரெண்டும் முக்கோணம்தானே, அத்தை? எதுக்கு ரெண்டு?’ என்று அண்ணன் மகள் ஒருநாள் கேட்டாள். ‘டிவைடரை எடு, அதுவே சொல்லும்’ என்றேன். இரண்டு மட்டங்களையும் தாளில் வைத்து, கூரான பென்சிலால் வெளிவிளிம்பைச் சுற்றி வரைந்தாள். பிளாஸ்டிக் மூலைகள் மழுங்கியிருந்ததால் கோடுகளை அளவுகோலால் சற்று நீட்டி, அவை சந்திக்கும்படி செய்தோம். தாளில் இப்போது இரண்டு முக்கோணங்கள்.

முதல் முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய ஒரு பக்கத்துக்கு டிவைடரை விரித்து, அதே விரிப்பைச் செங்கோணத்தை ஒட்டிய மற்றப் பக்கத்தில் வைத்தாள். முனை அப்படியே பொருந்தியது. இரு பக்கமும் சமம் என்றால் மீதி இரு மூலைகளும் சமம். இரண்டுக்கும் சேர்த்து 90 பாகை, ஆகவே ஒவ்வொன்றும் 45. ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் கிடைக்கும் பாதிதான் இந்த மட்டம்.

இரண்டாவது முக்கோணத்தில் அந்தப் பக்கங்கள் பொருந்தவில்லை. ஒன்று குட்டை, ஒன்று நீளம். குட்டைப் பக்கத்துக்கு டிவைடரை விரித்து, எல்லாவற்றிலும் நீளமான சாய்ந்த பக்கத்தில் ஒரு முனையிலிருந்து அடி வைத்து நடக்கச் சொன்னேன். முதல் அடி நடுவில் விழுந்தது. இரண்டாவது அடி மறுமூலையிலேயே போய் நின்றது. ‘சரியா ரெண்டு!’ என்று அவளே சொன்னாள். சமபக்க முக்கோணம் ஒன்றை உச்சியிலிருந்து நேர்க்கீழாக இரண்டாக வெட்டினால் இந்த மட்டம் கிடைக்கும். அடிப்பக்கம் பாதியாகிறது, சாய்ந்த பக்கம் முழுதாக நிற்கிறது. அதனால்தான் சரியாக இரண்டு மடங்கு. சமபக்க முக்கோணத்தின் மூலை 60 பாகை. உச்சி மூலை மட்டும் வெட்டுப்பட்டுப் பாதியாவதால் 30. ஆக இதன் மூலைகள் 30, 60, 90. முதல் முக்கோணத்தில் இதேபோல் நடந்து பார்த்தால் இரண்டாவது அடி கோட்டைத் தாண்டி வெளியே விழும். இப்படி நடத்திப் பார்த்த குழந்தை இரண்டு மட்டங்களையும் மறுபடி குழப்பிக்கொள்வதில்லை.

மட்டத்தில் நான்கு விதமான கோணங்கள்தான் இருக்கின்றன: 30, 45, 60, 90. இரண்டு மட்டங்களை ஒட்டி வைத்தால் 45-உம் 30-உம் சேர்ந்து 75. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 15. அதற்குமேல் 50 பாகையோ 37 பாகையோ கேட்டால் மட்டத்தால் முடியாது. அங்கே பாகைமானி வேண்டும். ஆனால் மட்டம் செய்கிற ஒரு வேலை பாகைமானிக்கு எளிதில் வராது. அளவுகோலைத் தாளில் அசையாமல் அழுத்தி, மட்டத்தின் ஒரு பக்கத்தை அதில் ஒட்டி, இன்னொரு பக்கத்தில் கோடு போடுங்கள். மட்டத்தை அளவுகோலை ஒட்டியே நகர்த்தி மறுபடி கோடு போடுங்கள். இரண்டும் இணைகோடுகள். அளவுகோல் நழுவினால் இணை கெட்டுவிடும் என்பதால், குழந்தைக்கு இடக்கையின் முழு விரல்களும் அளவுகோல்மேல் இருக்க வேண்டும்.

பாகைமானியை அடையாளம் காண்பது எளிது, வைப்பதுதான் சிரமம். அதன் அடியில் இரண்டு நேர்கோடுகள் தெரியும். ஒன்று பிளாஸ்டிக்கின் கீழ்விளிம்பு. மற்றது அதற்குச் சில மில்லிமீட்டர் மேலே, பூஜ்யத்தையும் 180-ஐயும் சேர்க்கும் அச்சுக்கோடு. நடுப்புள்ளி இந்த அச்சுக்கோட்டின்மேல்தான் இருக்கிறது. கோணத்தின் உச்சி நடுப்புள்ளியிலும், ஒரு கரம் அச்சுக்கோட்டின்மேலும் இருக்க வேண்டும். பல குழந்தைகள் கீழ்விளிம்பைக் கோட்டின்மேல் உட்கார வைக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மறுபடி மூலைமட்டத்தையே கூப்பிடலாம். முன்பு வரைந்த முக்கோணத்தின் 30 பாகை மூலையின் கரங்களை நீட்டி, குழந்தையை அளக்கச் சொல்லுங்கள். 30 வந்தால் சரி. ஏறக்குறைய 25 வந்தால் கீழ்விளிம்பைத்தான் வைத்திருக்கிறது, 5 செ.மீ. ஆரமுள்ள பாகைமானியில் விளிம்புக்கும் அச்சுக்கோட்டுக்கும் 5 மி.மீ. இடைவெளி இருந்தால் அந்த அளவுக்குத்தான் குறையும். அதே தவறோடு 60 பாகை மூலையை அளந்தால் 57 வரும். 90 பாகை மூலையை அளந்தால் 90-ஏ வரும்! கோடு நேர் மேலே போவதால், பாகைமானியை எவ்வளவு மேலே ஏற்றினாலும் கோடு 90 குறியிலேயே வெட்டும். வகுப்பில் செங்கோணத்தை அளக்க வைத்து, ‘சரியாக வைக்கத் தெரிகிறது’ என்று முடிவு செய்வது இதனால்தான் பொய்த்துப்போகிறது. சிறிய கோணத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

30 என்று வரவேண்டிய இடத்தில் 150 வந்தால் அது வேறு தவறு. பாகைமானியில் ஒரே இடத்தில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும், ஒன்று இடமிருந்தும் மற்றது வலமிருந்தும் எண்ணிக்கொண்டு வரும். அடியில் கிடக்கும் கரம் எந்தப் பூஜ்யத்தின்மேல் படுத்திருக்கிறதோ அந்த வரிசையில்தான் 0, 10, 20 என்று விரலால் தொட்டு எண்ணிக்கொண்டு போக வேண்டும். ‘உள்ளே இருக்கும் எண்ணைப் படி’ என்று விதி சொல்லிக்கொடுத்தால், கோணம் மறுபக்கம் திறந்திருக்கும் நாளில் அந்த விதியே தவறாகும். அளக்கும் முன் மட்டத்தின் செங்கோண மூலையைக் கோணத்தின்மேல் வைத்துப் பார்த்தாலும் போதும். அதைவிடக் குறுகிய கோணத்துக்கு 150 என்ற விடை வரவே முடியாது.

இத்தனைக்கும் மட்டத்தையே நம்பியிருக்கிறோம். மட்டம் வளைந்திருந்தால்? ஒரு நீளக் கோட்டில் ஒரு புள்ளி வைத்து, மட்டத்தின் செங்கோண மூலையை அதில் பொருத்தி நிமிர்ந்த கோடு போடுங்கள். பிறகு மட்டத்தைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டி, அதே புள்ளியில் மறுபக்கமாக வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் செங்கோணம் சரி. மேலே போகப் போக இரண்டாகப் பிரிந்தால், அந்தப் பிளவின் கோணம் மட்டத்தின் பிழையைப்போல் இரு மடங்கு. ஒரு பாகை கோணலுக்கு இரண்டு பாகை பிளவு தெரியும். வெயிலில் கிடந்து நெளிந்த மட்டங்களில் இது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்டதை வைத்துக்கொண்டு குழந்தையிடம் சரியான கோட்டை எதிர்பார்க்காமல், பள்ளிக்குப் போகும் வழியில் வேறொன்று வாங்கிக்கொடுங்கள்.